தொண்டை கரகரத்த மறுநாள் வந்த ‘நெகட்டிவ்’

கேள்வி:

டாக்டர், எனக்கு 39 வயது. மார்த்தாண்டம் பக்கம் வீடு. கணவர் தினமும் குழித்துறையிலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் போய் வேலை பார்க்கிறார். 72 வயது மாமி எங்களோடு இருக்கிறார். அவருக்குச் சுகரும் வீசிங்கும் உண்டு. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கணவருக்குத் தும்மல் வந்து இரண்டு நாளில் போய்விட்டது. வியாழன் சாயங்காலம் நான் மழையில் நனைந்து வந்தேன், ராத்திரியே தொண்டை கரகரத்தது. வெள்ளி காலை வீட்டிலிருந்த கோவிட் கிட்டில் பார்த்தேன், நெகட்டிவ். வெறும் நீர்க்கோப்பு என்று நினைத்து, மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொண்டு, மாமிக்கு வழக்கம்போல நெபுலைசர் வைத்து, சோறு கொடுத்து, பக்கத்திலேயே இருந்தேன். சனி ராத்திரி காய்ச்சல். ஞாயிறு காலை இன்னொரு கிட்டில் மங்கலாக ஒரு கோடு. உடனே வேறு அறைக்குப் போனேன். திங்கள் மாமிக்குத் தொண்டை வலி, புதன் மூச்சுமுட்டல். 4 நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். முதல் கிட் பழுதா? தொண்டையில் எடுத்திருக்க வேண்டுமா? எத்தனை நாள் தள்ளி இருந்திருக்க வேண்டும்? எதைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்? என்னால்தான் மாமிக்கு வந்தது என்று நாத்தனார் சொல்கிறார். அது உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது மனதை அறுத்துக்கொண்டிருக்கும்போது மற்றதெல்லாம் காதில் ஏறாது.

இப்போது பரவும் வகைகளில் கோவிட் கிருமி உடம்புக்குள் புகுந்து அறிகுறி காட்ட பெரும்பாலும் 2 முதல் 4 நாள் எடுக்கும். மாமிக்குத் தொண்டை வலித்தது திங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணினால் வியாழன், வெள்ளி, சனி வரும். அந்த மூன்று நாளும் நீங்கள் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தீர்கள் என்பது உண்மை. செவ்வாயன்று தும்மத் தொடங்கிய உங்கள் கணவரும் அதே நாட்களில் அதே வீட்டில்தான் இருந்தார். தும்மல் நின்றதால் அவரிடம் கிருமி தீர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. கோவிட்டில் அறிகுறி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கி, வந்தபின் 8, 10 நாள் வரை பரவலாம். முதல் சில நாட்களில்தான் அது அதிகம். ஆகவே உங்களிடமிருந்தா, கணவரிடமிருந்தா, வீட்டுக்கு வந்துபோன வேறு யாரிடமிருந்தா என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் நாத்தனாராலும் முடியாது.

மழையையும் இங்கேயே விட்டுவிடுவோம். நனைந்த அன்றே தொண்டை கரகரத்ததால் மழையைக் குற்றம் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கிருமி உங்கள் மூக்குக்குள் போய் அதற்கு இரண்டு நாளாவது ஆகியிருக்கும். கணவருக்குத் தும்மல் வந்த செவ்வாயோடு அது பொருந்திப்போகிறது. நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டு மழைக்காலம். இரண்டிலும் சன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்போம், ஷட்டர் இறக்கிய பஸ்ஸிலும் ரயில் பெட்டியிலும் நெருக்கி உட்காருவோம். மழைக்காலத்தில் சளிக்காய்ச்சல் கூடுவதில் இந்த அடைந்த காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் கிட் பழுது இல்லை

தொண்டை கரகரத்த நாளை 0 என்று வையுங்கள். உங்கள் கணக்கில் வியாழன் 0, வெள்ளி 1, சனி 2, ஞாயிறு 3. நீங்கள் முதலில் பார்த்தது 1-ஆம் நாள் காலை. தொண்டை கரகரத்து 12 மணி நேரம்கூட ஆகியிருக்காது.

வீட்டில் பார்க்கும் கிட் ஆன்டிஜென் பரிசோதனை. ஆர்டிபிசிஆர் சோதனையைப் போல அது கிருமியின் மரபணுவைப் பலமடங்கு பெருக்கிப் பார்ப்பதில்லை. மூக்குச் சளியில் கிருமியின் புரதம் ஓரளவு சேர்ந்த பிறகுதான் கோடு விழும். 2020-இல் நம் யாருக்கும் இந்தக் கிருமியின் பழக்கம் இல்லை; கிருமி நன்றாகப் பெருகிய பிறகே பலருக்கு அறிகுறி வந்தது. இன்று நாம் தடுப்பூசியும் போட்டிருக்கிறோம், ஓரிரு முறை தொற்றும் கண்டிருக்கிறோம். உடம்பு கிருமியைச் சீக்கிரமே அடையாளம் கண்டு சண்டையைத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சண்டைதான் உங்களுக்குத் தொண்டைக் கரகரப்பாகத் தெரிகிறது. கிருமியோ உச்சத்துக்கு வர இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும். பலருக்கு அது 4-ஆம் நாள் வாக்கில்தான். அதனால் அறிகுறி முந்திக்கொள்கிறது, கோடு பிந்துகிறது.

இதற்காகத்தான் அறிகுறி உள்ளவர் முதல் சோதனை நெகட்டிவ் ஆனால் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது சோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் சொன்னது. நம் ஐசிஎம்ஆர் 2021-இல் வீட்டுக் கிட்டுக்கு அனுமதி தந்தபோதே, பாசிட்டிவ் என்றால் அதை உறுதியாகக் கொள்ளலாம், அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் ஆர்டிபிசிஆர் எடுங்கள் என்று சொல்லியிருந்தது. வெள்ளி காலைக்குப் பிறகு ஞாயிறு காலை நீங்கள் மறுபடி பார்த்தீர்கள். சரியாக 48 மணி நேரம். யாரும் சொல்லாமலே சரியான இடைவெளியில் செய்திருக்கிறீர்கள். இடையில் இருந்த அந்த இரண்டு நாளைத்தான் வேறு மாதிரி கழித்திருக்க வேண்டும். முதல் நெகட்டிவை ‘இல்லை’ என்று படித்தீர்கள். ‘இன்னும் தெரியவில்லை’ என்று படித்திருக்க வேண்டும்.

ஞாயிறு வந்த கோடு மங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலானவற்றில் 15 நிமிடம், ‘டி’ எழுத்துக்கு நேரே எவ்வளவு மங்கலாகக் கோடு தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான். நோய் லேசு என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் நேரம் கடந்து, அட்டை காய்ந்த பிறகு தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ‘சி’ கோடு விழவில்லை என்றால் அந்த அட்டையே செல்லாது.

கிட்டைப் பயன்படுத்துவதில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். மூக்கின் வாசலில் மட்டும் குச்சியைத் தொட்டு எடுப்பார்கள். 2 முதல் 4 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, மூக்கின் பக்கச் சுவரை உரசியபடி 5 சுற்று சுற்ற வேண்டும். பிறகு அதே குச்சியை அடுத்த துவாரத்திலும் அப்படியே சுற்ற வேண்டும். கண் லேசாகக் கலங்கினால் சரியாக எடுத்திருக்கிறீர்கள். இன்னொரு தவறு, அட்டையின் உறையைப் பிரித்து வைத்துவிட்டு மற்ற வேலை பார்ப்பது. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த அட்டை கெடும். கிட்டை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி உறையிலேயே போட்டிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் கிடந்த கிட்டை நம்பாதீர்கள். குளிர்ச்சியான அறையின் அலமாரியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அரை மணி நேரம் வெளியே எடுத்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

தொண்டையில் எடுத்திருக்கலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். சிலருக்கு மூக்கைவிட ஒரு நாள் முன்னதாகத் தொண்டையிலும் எச்சிலிலும் கிருமி தெரிகிறது. ஆனால் மூக்குக்கென்று செய்த கிட்டைத் தொண்டையில் சோதித்துப் பார்த்து அனுமதி தந்ததில்லை. எலுமிச்சைச் சாறு, சோடா, கோலா போன்ற புளிப்பான பானம் பட்டாலே சில அட்டைகளில் பொய்க் கோடு விழும். தொண்டையில் எடுத்து நெகட்டிவ் வந்தாலும் அதை நம்பி மாமி பக்கத்தில் போக முடியாது. எனவே கிட்டில் எழுதியபடி மூக்கில் எடுங்கள், 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். ஒரு பெட்டி வாங்கும்போதே இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோவிட் கிட் ஃப்ளூவைப் பற்றி எதுவும் சொல்லாது

உங்கள் கடிதத்தில் இது இல்லை, ஆனால் உங்கள் வீட்டுக்கு மிக முக்கியமானது. அந்த ஞாயிறும் கோடு விழாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோவிட் இல்லை, பயமில்லை என்று மறுபடி மாமி பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். வந்தது ஃப்ளூவாக இருந்தால் அதே ஆபத்துதான். சுகரும் வீசிங்கும் உள்ள 72 வயதுக்காரருக்கு ஃப்ளூ சாதாரணச் சளி இல்லை.

அறிகுறியை வைத்து இரண்டையும் பிரிக்க நானே முயல்வதில்லை. ஃப்ளூ பெரும்பாலும் திடீரென்று அடிக்கும்: காலையில் தொண்டை வலி, சாயங்காலத்துக்குள் கடும் காய்ச்சல், இடுப்பும் காலும் அடித்துப்போட்ட மாதிரி வலி. கோவிட்டில் கரகரப்பில் தொடங்கி, குரல் கம்மி, மூக்கு ஒழுகி, மெதுவாக ஏறுவதைப் பார்க்கிறோம். ஆனால் இதற்கு மாறாக வரும் ஆட்களும் ஏராளம். வாசனை போகவில்லை, அதனால் கோவிட் இல்லை என்று இன்று சொல்ல முடியாது; இப்போதைய வகைகளில் வாசனை போவது குறைந்துவிட்டது.

ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். அதற்குப் பிறகும் நோய் கடுமையாக இருந்தால் கொடுப்போம், ஆனால் முதல் இரண்டு நாளின் மதிப்பு வேறு. நம் சுகாதாரத் துறை ஃப்ளூ நோயாளிகளை மூன்றாகப் பிரித்திருக்கிறது. லேசான காய்ச்சலும் தொண்டை வலியும் இருமலும் மட்டும் உள்ளவர் ஏ பிரிவு: மாத்திரையும் வேண்டாம், சோதனையும் வேண்டாம், வீட்டில் தனியே இருந்து கவனித்தால் போதும். நீங்கள் அதில் வருவீர்கள். அதே லேசான அறிகுறி உங்கள் மாமிக்கு வந்தால், வயதாலும் சுகராலும் நுரையீரல் நோயாலும் அவர் பி பிரிவு: சோதனை முடிவுக்குக் காத்திராமலே டாக்டர் மாத்திரையைத் தொடங்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில் இரத்தம், நகம் நீலமாவது ஆகியவை சி பிரிவு: உடனே ஆஸ்பத்திரி. ஒரே வீட்டில் ஒரே கிருமிக்கு இரண்டு பேர் இரண்டு பிரிவில் இருப்பார்கள். உங்களுக்கு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அவருக்குப் பொருந்தாது.

கோவிட்டுக்கும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கென்று கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்து உண்டு. அதை 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். சிறுநீரக நிலை, அவர் ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர், கொழுப்பு மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். அதனால் மாமி சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.

அதே வாரத்தை மறுபடி நடத்திப் பார்ப்போம்

செவ்வாய்: கணவருக்குத் தும்மல். அவர் ரயிலில் கூட்டத்தோடு போய் வருபவர், வீட்டில் மாமி இருக்கிறார். அன்றே அவர் என்95 முகக்கவசம் போட்டு, மாமியின் அறைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளில் தும்மல் நின்றாலும் அந்த வாரம் முழுக்க அப்படியே.

வியாழன் ராத்திரி: உங்களுக்குக் கரகரப்பு. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே உங்கள் படுக்கை வேறு அறைக்கு, அறை இல்லையென்றால் மாமி படுக்கும் இடத்திலிருந்து வீட்டின் அடுத்த கோடிக்கு. வெள்ளி காலைச் சோதனை நெகட்டிவ். எதுவும் மாறாது, அதே ஏற்பாடு ஞாயிறு வரை தொடரும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி நெபுலைசர். மருந்து தீரும்வரை 10 நிமிடம், ஒரு நாளைக்குச் சில தடவை, அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, மாஸ்கைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். சோறு கொடுப்பதைவிட நெருக்கமான நேரம் அது. அந்த வேலையை வேறு யாராவது செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். உங்கள் கணவரும் அந்த வாரம் சந்தேகத்துக்குரியவர் என்பதால் இருவரில் ஒருவர் செய்துதான் ஆக வேண்டும் என்றால், மூக்கோடு ஒட்டிய என்95 போட்டு, கையைக் கழுவி, சன்னலைத் திறந்து, கருவியை மாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் தள்ளி நில்லுங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது. மாமிக்கு முகக்கவசம் போட்டு மூச்சுமுட்ட வைக்காதீர்கள்; கவசம் போட வேண்டியது அறிகுறி உள்ளவர். நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசர் என்ற குழலை மாட்டி இன்ஹேலர் இழுத்தால் போதுமா என்று மாமியின் டாக்டரிடம் கேளுங்கள். பலருக்கு அது போதும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அவரே செய்துகொள்ளவும் பழகலாம்.

ஒரே குளியலறை என்றால் நீங்கள் கடைசியாகப் போய், வெளியே வரும்போது சன்னலைத் திறந்து விடுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தனியாக்குவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக் காற்றில் காட்டினால் போதும். கோவிட்டும் ஃப்ளூவும் முக்கியமாக மூச்சுக் காற்றில் பரவுபவை. மழை சாரல் அடிக்காத பக்கத்தின் இரண்டு சன்னல்கள் எதிரெதிரே திறந்திருக்கட்டும். முடிந்தபோது மாமியை வராந்தாவில் உட்கார வையுங்கள்.

ஞாயிறு: பாசிட்டிவ். நீங்கள் வேறு அறைக்குப் போனது சரி. கூடவே இன்னொன்று நடந்திருக்க வேண்டும்: அன்றே மாமியின் டாக்டரை அழைத்து, ‘வீட்டில் கோவிட், மாமிக்கு இன்னும் ஒன்றுமில்லை, தொண்டை வலித்தால் என்ன செய்ய?’ என்று கேட்டிருக்க வேண்டும். திங்கள்: மாமிக்குத் தொண்டை வலி. அது 0-ஆம் நாள். இந்த நிலையில் அவருக்குக் கிட் நெகட்டிவ் வந்தாலும் மதிப்பில்லை. வீட்டில் தொற்று இருப்பது தெரிந்துவிட்டது. அன்றே டாக்டரிடம் காட்டியிருந்தால் மருந்து தொடங்கத் திங்களும் செவ்வாயும் கையில் இருந்திருக்கும். அப்படிச் செய்திருந்தால் ஆக்சிஜன் தேவைப்பட்டிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அது யாராலும் சொல்ல முடியாத விஷயம். ஆனால் அந்த இரண்டு நாள் இருந்தது.

எத்தனை நாள் தள்ளி இருப்பது? 2022 ஜனவரியில் வந்த நம் நாட்டு வழிகாட்டுதலில், பாசிட்டிவ் ஆன நாளிலிருந்து 7 நாள், அதில் தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருந்தது. உங்களுக்கு அது அடுத்த ஞாயிறு. தொண்டை கரகரத்த வியாழனை 0 ஆக வைத்தால் அதே ஞாயிறு 10-ஆம் நாள். மாமி போன்றவர் இருக்கும் வீட்டுக்கு அந்த ஞாயிறுவரை என்றே நான் சொல்வேன். வேலைக்குப் போவதும் கடைக்குப் போவதும் வேறு கணக்கு: மாத்திரை போடாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல், உடம்பும் தேறி வந்தால், முகக்கவசத்தோடு போகலாம். ஃப்ளூ என்றால் மாமியிடமிருந்து 7 நாள் தள்ளியிருங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை

ஒரு பள்ளி நோட்டு போதும். மாமிக்கு ஒரு பக்கம், உங்களுக்கு ஒரு பக்கம். முதல் வரியில் தொண்டை வலித்த தேதியும் நேரமும். ஆஸ்பத்திரியில் ‘எத்தனை நாளாக?’ என்று கேட்டால் ‘நாலஞ்சு நாளா இருக்கும்’ என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மருந்தின் முடிவே அந்த ஒரு தேதியில் தொங்குகிறது.

அதன் பிறகு காலையும் மாலையும் நான்கு விஷயம் எழுதுங்கள். பாரசிட்டமால் போடுவதற்கு முன் எடுத்த காய்ச்சல் அளவு. மாத்திரை போட்ட பின் எடுத்தால் அது மாத்திரையைத்தான் காட்டும். அடுத்து ஆக்சிஜன் அளவு: 5 நிமிடம் சும்மா உட்கார வைத்து, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத, சூடான விரலில் மாட்டி, எண் ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நின்ற பிறகு எழுதுங்கள். மூன்றாவது மூச்சு எண்ணிக்கை: அவருக்குத் தெரியாமல் நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது எண்ணினால் தவறாகும். நான்காவது, சுகர். முதியவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே வராது. காரணம் தெரியாமல் சுகர் ஏறுவதும், சாப்பாடு வேண்டாம் என்பதும், பகலில் தூங்கி வழிவதும், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் பதில் சொல்வதும்தான் முதல் அடையாளமாக இருக்கும். இந்தக் கடைசி மூன்றுக்கும் கருவி இல்லை. தினமும் கூட இருக்கிற உங்கள் கண்தான் அளவு. அதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

மாமி நன்றாக இருக்கும் இந்த நாட்களிலேயே ஒரு வாரம் அவருடைய ஆக்சிஜன் அளவை எடுத்து நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். பல ஆண்டு வீசிங் உள்ள சிலருக்கு இயல்பே 94, 95தான். அது தெரியாவிட்டால் நோய் நேரத்தில் 94 பார்த்து நடுங்குவீர்கள், அல்லது அவருடைய இயல்பு 97 என்று தெரியாமல் 94-ஐப் பார்த்து நிம்மதியாக இருப்பீர்கள். அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து 3 குறைந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வழக்கம் தெரியாதபோது 94-க்குக் கீழே போனால் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல், ஆக்சிஜன் 90-க்குக் கீழே, ஒரு முழு வாக்கியம் பேச முடியாத மூச்சுமுட்டல், எழுப்பினால் சரியாக விழிக்காத தூக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, ஆக்சிஜன் வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரியோ, காலை விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு வளைவையும் கவனியுங்கள். காய்ச்சல் இறங்கி, இரண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி காய்ச்சலும் சளியும் ஏறினால் அது ஃப்ளூவுக்குப் பிறகு வரும் நிமோனியாவாக இருக்கலாம். கோவிட்டிலும் முதல் வாரக் கடைசியில் மூச்சு மோசமாவது உண்டு. நோட்டு இருந்தால் இந்த இறக்கமும் ஏற்றமும் ஒரே பார்வையில் தெரியும். அதனால் 5-ஆம் நாள் நன்றாக இருக்கிறார் என்று எழுதுவதை நிறுத்திவிடாமல் 10-ஆம் நாள்வரை எழுதுங்கள்.

அசித்ரோமைசினும் மற்றவையும்

அந்த மாத்திரையால் உங்கள் கோவிட் ஒரு மணி நேரம்கூடக் குறைந்திருக்காது. அது பாக்டீரியாவுக்கான மருந்து. கோவிட்டும் ஃப்ளூவும் வைரஸ். மருந்து ஆரம்பித்துவிட்டோம் என்ற தைரியம்தான் உங்களை மாமியின் பக்கத்தில் உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். பாக்டீரியாவால் வரும் தொண்டை வலியில் பொதுவாக இருமலும் மூக்கொழுகலும் இருக்காது. காய்ச்சலும், டான்சிலில் வெள்ளைப் புள்ளிகளும், கழுத்தில் வலிக்கிற நெறிக்கட்டியும் இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம். அப்படி இருந்தால் டாக்டர் பார்த்து மருந்து தரட்டும். வாயைத் திறக்க முடியாமல், எச்சிலை விழுங்க முடியாமல் இருந்தாலோ, தொண்டையில் சாம்பல் நிறத் தோல் மாதிரி படர்ந்திருந்தாலோ அது அவசரம், உடனே ஆஸ்பத்திரி.

உங்களுக்குத் தேவைப்பட்டது பாரசிட்டமால், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, ஓய்வு, போதுமான தண்ணீர். மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்குவும் எலிக்காய்ச்சலும் உண்டு. ஆகவே காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்து என்னவென்று தெரியாதபோது இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடும். தொண்டை வலியோ இருமலோ இல்லாமல் காய்ச்சல் மட்டும் இரண்டு நாள் தாண்டினால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

சுக்கும் நல்லமிளகும் போட்ட காப்பி தொண்டைக்கு இதம்தான், குடியுங்கள். மாமிக்குக் கொடுக்கும்போது கருப்பட்டி போடாதீர்கள். கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள், ஏற்றும். கொதிக்கிற பானையைப் போர்வைக்குள் வைத்து அவரை ஆவி பிடிக்க வைக்கவும் வேண்டாம். வெந்நீர் கொட்டிப் புண்ணோடு வந்த முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் டாக்டரைப் பார்க்கும் அடுத்த முறை மூன்று விஷயம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அவருடைய சுகர் மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா? இன்ஹேலரை ஸ்பேசரோடு சரியாக இழுக்கிறாரா என்று முன்னால் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியாத் தடுப்பூசியும் எப்போது போடலாம்? ஃப்ளூ ஊசி ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன் போட வேண்டியது. அவருக்குப் போடும் அன்றே உங்களுக்கும் தினமும் ரயிலில் போகும் உங்கள் கணவருக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.